பிரஷர் மாத்திரைகளுக்கு ஓர் அட்டவணை

எனலாப்ரில், டெல்மிசார்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன், மெட்டோப்ரோலால். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் இந்தப் பெயர்களில் ஒன்றிரண்டாவது மாத்திரை அட்டையில் இருக்கும். செவிலியர், மருந்தாளுநர், மருத்துவ மாணவர்கள் இந்தப் பெயர்களோடு இவற்றின் உறவுக்கார மருந்துகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய ஆரம்பித்தால் ஐந்தாவது மருந்துக்கு வரும்போது முதல் மருந்து மறந்துவிடும். அதனால்தான் மாணவர்கள் அட்டவணை போடுகிறார்கள். ஆனால் போடும் அட்டவணைகளில் பெரும்பாலானவை பயன்படுவதில்லை.

காரணம் எளிது. பக்கவிளைவு என்ற கட்டத்தில் எல்லா மருந்துக்கும் நேராகத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், சோர்வு என்றே எழுதப்பட்டிருக்கும். ஐந்து வரிசையிலும் ஒரே பட்டியல் இருந்தால் அது எதையும் பிரித்துக் காட்டாது. ஒரு வரிசையை இன்னொன்றிலிருந்து பிரிப்பது எது என்பதை எழுதினால்தான் அட்டவணைக்கு வேலை உண்டு. அதற்கு மருந்து உடலில் எந்த இடத்தில், எதைத் தடுக்கிறது என்ற கட்டத்தை முதலில் நிரப்ப வேண்டும். அதைச் சரியாக நிரப்பினால் மற்ற கட்டங்களில் பாதிக்கு மேல் தானாகவே வந்துவிடும்.

முதல் இரண்டு வரிசைகளையே பார்க்கலாம். ரத்த ஓட்டம் குறைந்ததாகச் சிறுநீரகம் உணர்ந்தால் ரெனின் என்ற நொதியை விடுகிறது. அது ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-1 என்ற பொருளை உருவாக்குகிறது. ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி அதை ஆஞ்சியோடென்சின்-2 ஆக மாற்றுகிறது. இந்த இரண்டாவது பொருள்தான் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றவும் செய்கிறது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை ஏ.சி.இ. நொதியையே தடுக்கின்றன. டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவை நொதியை விட்டுவிட்டு, ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்டும் ஏற்பியை அடைக்கின்றன.

இரண்டும் ஒரே பாதையை அடைப்பதால் இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரி எழுத வேண்டியவை சில உண்டு. ஆல்டோஸ்டிரோன் குறைகிறது; எனவே ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். சிறுநீரகத்தின் வடிகட்டியில் அழுத்தம் குறைகிறது. அது நீரிழிவால் பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு நல்லது, ஆனால் இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியவருக்கு ஆபத்து. கருவில் உள்ள குழந்தையின் சிறுநீரகம் வளர இந்தப் பாதை வேண்டும். அதனால் கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே கூடாது. பயன், பக்கவிளைவு, தடை என்ற மூன்று கட்டங்களும் ஒரே காரணத்திலிருந்து நிரம்பியிருப்பதைக் கவனிக்கலாம்.

முக்கியமாக வேறுபடும் இடம்: இருமல். ஏ.சி.இ. நொதிக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. பிராடிகினின் என்ற பொருளை அது சிதைக்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகினின் தேங்கி, மூச்சுப் பாதையில் வறட்டு இருமலைக் கிளப்புகிறது. இந்தத் தொடர்பு இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. பிரேசிலின் ஜரராக்கா விரியன் பாம்பின் நஞ்சு பிராடிகினினின் வேலையைக் கூட்டுகிறது என்று 1960-களில் செர்ஜியோ ஃபெரெய்ரா கண்டறிந்தார். அந்த நஞ்சில் இருந்த பொருட்களைத் தொடர்ந்து ஆராய்ந்துதான் கேப்டோப்ரில் உருவாகி, 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சார்டன்கள் நொதியைத் தொடுவதில்லை. பிராடிகினின் வழக்கம்போலச் சிதைகிறது. இருமல் மிக அரிது.

மற்ற மூன்று குடும்பங்களையும் இதே முறையில் நிரப்பினால் கிடைப்பது இது:

| குடும்பம் | எதைத் தடுக்கிறது | பிரித்துக் காட்டும் பக்கவிளைவு | குறிப்பாக உதவும் இடம் | கூடாத இடம் |
|---|---|---|---|---|
| எனலாப்ரில், ராமிப்ரில் | ஏ.சி.இ. நொதி | வறட்டு இருமல், பொட்டாசியம் ஏற்றம். அரிதாக உதடு, நாக்கு வீக்கம் | நீரிழிவுச் சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு | கர்ப்பம் |
| டெல்மிசார்டன், லோசார்டன் | ஆஞ்சியோடென்சின்-2 ஏற்பி | பொட்டாசியம் ஏற்றம் | மேலே உள்ளதே; இருமல் வந்தவருக்கும் | கர்ப்பம் |
| அம்லோடிபின் | ரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவது | கணுக்கால் வீக்கம் | வயதானவர்கள், நெஞ்சுவலி | மிகத் தாழ்ந்த அழுத்தம் |
| குளோர்தலிடோன் | சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சுவது | சோடியம், பொட்டாசியம் இறக்கம். யூரிக் அமிலம் ஏற்றம் | வயதானவர்கள், கால்சியம் கல் திரும்பத் திரும்ப வருபவர் | கவுட் உள்ளவர் |
| மெட்டோப்ரோலால் | இதயத்தின் பீட்டா ஏற்பி | நாடித்துடிப்பு குறைவு, சோர்வு | மாரடைப்புக்குப் பின், நெஞ்சுவலி | ஆஸ்துமாவில் எச்சரிக்கை. மிகக் குறைந்த நாடித்துடிப்பு |

நோயாளி முன்னால் வரும்போது இது எப்படி உதவுகிறது என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர். நீரிழிவு உண்டு, சிறுநீரில் புரதம் போகிறது, ரத்த அழுத்தமும் அதிகம். மருத்துவர் எனலாப்ரில் 5 மி.கி. தொடங்குகிறார். மூன்று வாரம் கழித்துத் தொண்டையில் அரிப்பும் இருமலும் வருகின்றன. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் தொல்லை அதிகம். மருந்துக் கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடிக்கிறார், அடங்கவில்லை. அடுத்து யாராவது ஆன்டிபயாடிக்கும் தரக்கூடும். இருமலையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றாதவரை இது நீளும்.

முதல் வரிசையின் மூன்றாவது கட்டம் மனதில் இருக்கும் செவிலியர் முதலில் கேட்பது, “புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்கம்மா?” என்றுதான். மருத்துவர் எனலாப்ரிலை நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் இருமல் நின்றுவிடும்; சிலருக்கு இன்னும் சில வாரங்கள் ஆகலாம். அடுத்து எந்த மருந்து? இவருக்குச் சிறுநீரகப் பாதுகாப்பும் வேண்டும். நான்காவது கட்டம் அப்படியே இருக்க வேண்டும், மூன்றாவது கட்டத்தில் இருமல் மட்டும் கூடாது. அப்படிப்பட்ட வரிசை அடுத்ததாகவே இருக்கிறது: டெல்மிசார்டன்.

அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. அம்லோடிபின் 5 மி.கி. சேர்க்கப்படுகிறது, பிறகு அது 10 ஆகிறது. சில வாரங்களில் மாலையானால் செருப்பு இறுக்கமாகிறது. இரண்டு கணுக்காலும் ஒரே அளவு வீங்குகின்றன. காலையில் எழும்போது வற்றிவிடுகின்றன. மூச்சு வாங்கவில்லை. இதய, சிறுநீரகச் சோதனைகளிலும் புதிதாக எதுவும் தெரியவில்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வீக்கம் என்றதும் உடலில் நீர் கோத்துவிட்டது என்று நினைத்து, நீர் பிரிய ஃப்யூரோசெமைடு மாத்திரை எழுதப்படுகிறது. ஆனால் அம்லோடிபின் தமனி பக்கத்துச் சிறு குழாய்களைத்தான் நன்றாக விரிக்கிறது. சிரை பக்கத்தை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வழி அகன்று, வெளியேறும் வழி பழையபடியே இருப்பதால் நடுவிலுள்ள தந்துகிகளில் அழுத்தம் கூடி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. மொத்த உடலில் நீர் கூடவில்லை. அதனால் ஃப்யூரோசெமைடு வீக்கத்தை அவ்வளவாகக் குறைக்காது. சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டும் இறக்கும். பிறகு அதற்கு ஒரு மாத்திரை, அதன் தொல்லைக்கு இன்னொன்று என்று அட்டைகள் பெருகும். ‘அம்லோடிபின் – கால் வீக்கம்’ என்று மட்டும் எழுதிய அட்டவணை இந்தத் தவறைத் தடுக்காது. வீக்கம் ஏன் வருகிறது என்ற ஒரு வரி சேர்ந்தால்தான் தடுக்கும்.

இந்த வீக்கம் மருந்தின் அளவைப் பொறுத்தது. மருத்துவர் அம்லோடிபினை 5 மி.கி.க்கு இறக்கி, குளோர்தலிடோன் 12.5 மி.கி. சேர்க்கிறார். வீக்கத்துக்காக அல்ல, அளவைக் குறைத்ததால் விடுபட்ட அழுத்தத்தை ஈடுகட்ட. சேர்ப்பதற்கு முன் நான்காவது வரிசையைக் குறுக்காகப் படிக்க வேண்டும். கவுட் உண்டா? இல்லை. பொட்டாசியம்? இது இறக்கும், டெல்மிசார்டன் ஏற்றும். ஓரளவு ஒன்றை ஒன்று ஈடுகட்டும். நீரிழிவு இருப்பதால் சர்க்கரை சற்று ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில வாரங்களில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை. இந்த முடிவுகள் எல்லாம் மருத்துவருடையவை. இருமலோ வீக்கமோ வந்தால் நோயாளி தானாக மாத்திரையை நிறுத்தாமல் அவரிடம் சொல்ல வேண்டும். மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியே திரும்பி வரலாம்.

அட்டவணை ஏமாற்றும் இடங்களும் உண்டு. கால்சியம் தடுப்பான்கள் என்று ஒரே வரிசை போட்டால் அம்லோடிபினும் வெராபமிலும் ஒன்றாகிவிடும். வெராபமில் இதயத்துக்குள்ளேயே மின்னோட்டத்தை மெதுவாக்குகிறது. மெட்டோப்ரோலாலோடு சேர்ந்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அம்லோடிபினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே வெராபமிலுக்கும் டில்டியாஸெமுக்கும் தனி வரிசை வேண்டும். இன்னொன்று, பக்கவிளைவுக் கட்டத்தை இரண்டாகப் பிரிப்பது: அடிக்கடி வருவது ஒரு பக்கம், அரிதானாலும் உயிருக்கு ஆபத்தானது மறுபக்கம். இருமலையும் நாக்கு வீக்கத்தையும் ஒரே வரியில் எழுதினால் இரண்டும் ஒரே எடையாகத் தெரியும். முதலாவதற்கு அடுத்த சந்திப்புவரை பொறுக்கலாம். இரண்டாவது மூச்சுப் பாதையை அடைக்கக்கூடியது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது.

எந்த இரண்டு வரிசைகளைச் சேர்க்கலாம் என்பதையும் இந்த அட்டவணையில் பார்க்கலாம். டெல்மிசார்டனும் அம்லோடிபினும் ஒரே மாத்திரையில் சேர்ந்து விற்பனையாகின்றன. இரண்டாவது கட்டத்தில் இரண்டும் வெவ்வேறு இடத்தைத் தடுக்கின்றன. போதாததற்கு டெல்மிசார்டன் சிரை பக்கத்தையும் தளர்த்துவதால் கணுக்கால் வீக்கமும் குறைகிறது. எனலாப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்தால்? இரண்டும் ஒரே பாதையை இரண்டு இடங்களில் அடைப்பவை. ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ‘ஆன்டார்கெட்’ ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் குறையவில்லை. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவதும், பொட்டாசியம் ஏறுவதும், சிறுநீரகம் பாதிக்கப்படுவதும்தான் கூடின. அந்த இரண்டு வரிசைகளும் பகிர்ந்துகொள்ளும் கட்டங்களில் இருப்பவை இவைதான்.