‘தவிர’ எங்கே நிற்க வேண்டும்?

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஒரு பொது சேவை மையத்தின் வாசலில் சற்று நேரம் நின்றால் தெரியும். பி.எம். கிசான் பணம் ஏன் வரவில்லை என்று கேட்க வருகிற விவசாயி பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே மகளோ பேரனோ இருப்பார்கள். திட்டத்தின் கேள்வி–பதில் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதைப் படிப்பது அந்தப் பிள்ளை. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை போன் திரையில் ஒரு முறை படித்துவிட்டு, நிமிர்ந்து, தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ அப்பாவுக்குச் சொல்கிறது. கேள்வி–பதிலைத் திருத்த உட்காருகிறவர் மனதில் வைக்க வேண்டிய வாசகர் அந்தப் பிள்ளைதான். தான் ஆங்கிலத்தில் படித்ததை அடுத்த நிமிடமே இன்னொரு மொழியில் வாயால் சொல்லப் போகிறவர்.

தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் தீர்ந்தது என்பார்கள் சிலர். மொழிபெயர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆங்கில மூலத்தில் குழப்பம் இருந்தால், அது அப்படியே தமிழுக்கும் வந்து சேரும்.

ஓய்வூதியம் பற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குகிறவருக்கு இந்த உதவி கிடையாது. கடைநிலை ஊழியராக, அதாவது குரூப் டி, நான்காம் வகுப்பு, பல்பணி ஊழியர் என்ற நிலைகளில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்தத் தடை பொருந்தாது. இவ்வளவுதான் விதி. இது எழுதப்படும் விதத்தைப் பாருங்கள். மேலே ‘கீழ்க்கண்டோர் தகுதியற்றவர்கள்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே வரிசையாகப் பட்டியல். பட்டியலின் ஒரு வரியில் ‘10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறும் அனைவரும்’ என்று தொடங்கி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘எக்ஸ்க்ளூடிங் குரூப் டி’ என்று முடியும்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். அரசுத் துறையில் அலுவலக உதவியாளராக, அதாவது குரூப் டி ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், மாதம் 12,000 ரூபாய் ஓய்வூதியம். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் அவர் பெயரில் இருக்கிறது. கேழ்வரகும் சாமையும் போடுகிறார். பேத்தி படிக்கிறாள். “தாத்தா, குரூப் டி எக்ஸ்க்ளூடிங்னு போட்டிருக்கு. உங்களுக்கு இல்லையாம்.” அவள் படித்ததில் எழுத்துப் பிழை இல்லை, அந்தச் சொல்லின் பொருளும் அவளுக்குத் தெரியும். விலக்குவது என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறாள். விலக்கப்பட்டவர்களின் பட்டியலுக்குள் இருந்துதான் தாத்தா விலக்கப்படுகிறார், ஆகவே அவர் உள்ளே வருகிறார் என்பதைப் பிடிக்க, பல வரிகளுக்கு மேலே இருக்கும் தலைப்பை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு எதிர்மறைகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். போன் திரையில் அந்தத் தலைப்பு எப்போதோ மேலே போய் மறைந்திருக்கும். தகுதியுள்ள ஒருவர் ஆண்டுக்கு 6,000 ரூபாயை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்.

இதைத் திருத்துவது எப்படி? முதலில் அந்த வரியைப் பட்டியலில் இருந்து பிரித்துத் தனிக் கேள்வியாக்க வேண்டும். கேள்வியை வாசகர் கேட்கும் விதத்திலேயே வைக்கலாம்: ‘என் தாத்தா ஓய்வூதியம் வாங்குகிறார். அவருக்குப் பணம் வருமா?’ பதிலில் விதிவிலக்கு முன்னால் வர வேண்டும். ‘அவர் குரூப் டி, நான்காம் வகுப்பு அல்லது பல்பணி ஊழியராக ஓய்வு பெற்றவரா? ஓய்வூதியம் எவ்வளவு என்றாலும் விண்ணப்பிக்கலாம். அரசு சாராத வேறு பணியில் ஓய்வு பெற்றவரா? ஓய்வூதியம் மாதம் 10,000 ரூபாய்க்குக் கீழே என்றால் விண்ணப்பிக்கலாம். 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முடியாது.’ இதை ஆங்கிலத்தில் எழுத இஃப், கேன், கேனாட் என்ற மூன்று சிறு சொற்களே வேலையை முடித்துவிடும். எக்ஸ்க்ளூடிங், அன்லெஸ், அதர் தேன் எதுவும் தேவையில்லை. சொற்களின் எண்ணிக்கை பழைய வரியைவிடக் கூடும், கூடட்டும். ஒவ்வொரு கேள்வியும் அதன் பதிலும் சேர்ந்து தனியாக நின்றாலும் உண்மையாக இருக்கிறது. பேத்தி பாதியில் நிறுத்தினால்கூடத் தாத்தாவுக்குத் தவறான செய்தி போகாது.

சுருக்கம் என்றால் பலரும் எழுத்தைக் குறைப்பது என்று நினைக்கிறார்கள். படிப்பவர் நினைவில் சுமக்க வேண்டியதைக் குறைப்பதுதான் சுருக்கம் என்பேன்.

விதிவிலக்கைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் நிபந்தனை முன்னால் வந்துவிடும், வினைமுற்று கடைசியில்தான் வரும். ‘நிலத்தை 2019க்குப் பிறகு வாங்கியிருந்தால் கிடைக்காது’ என்றுதான் பேசுகிறோம். தெலுங்கும் கன்னடமும் அப்படியே. ஆங்கிலமோ ‘கிடைக்கும்’ என்று முதலில் சொல்லிவிட்டு, ‘அன்லெஸ்’ போட்டு நிபந்தனையைப் பின்னால் இழுத்து வருவதற்கு இடம் கொடுக்கிறது. படித்தபடியே சொல்கிற பிள்ளை ‘கிடைக்குமாம்ப்பா’ என்று வாய்விட்ட பிறகுதான் நிபந்தனையைப் பார்க்கும். நிபந்தனையை முன்னால் வைத்தும் ஆங்கிலம் எழுதலாம், இலக்கணம் தடுக்கவில்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பிய விமானத் துறையினர் 1986இல் வெளியிட்ட எளிய ஆங்கில விதிகளில் இருந்து வளர்ந்த தரநூலும் நிபந்தனையை முதலில் சொல் என்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள், செயல்முறை வாக்கியத்துக்கு 20 சொல்லுக்கு மேல் கூடாது என்பவையும் அதில் உண்டு. ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பணியாளர் தவறாகப் படித்தால் விமானம் என்ன ஆகும் என்ற பயத்தில் பிறந்த விதிகள் அவை. கேழ்வரகு விவசாயிக்கும் அதே அக்கறை உரியது.

நிலத் தேதியிலும் இதே சிக்கல். 1.2.2019 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதே அளவுகோல். பிறகு கைமாறிய நிலத்துக்கு உதவி இல்லை. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் உண்டு. இதை எழுதும்போது ‘சக்ஸஷன்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சக்ஸஸ் தெரிந்த பிள்ளைக்கு இது தெரியாது. தெரிந்தது போலத் தோன்றுவதால் அகராதியும் பார்க்காது. நம் தருமபுரி மாவட்டத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன்களுக்கு நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த மகன்களும் வாரிசுதானே என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே பதில் இரண்டையும் பெயர் சொல்லிப் பிரிக்க வேண்டும்: ‘1 பிப்ரவரி 2019க்குப் பிறகு நிலத்தை வாங்கினீர்களா, அல்லது தானமாகப் பெற்றீர்களா? விண்ணப்பிக்க முடியாது. அந்தத் தேதியில் நிலம் வைத்திருந்தவர் பிறகு இறந்து, நிலம் உங்கள் பெயருக்கு வந்ததா? விண்ணப்பிக்கலாம்.’ மாதத்தை எண்ணில் போடாமல் பெயராக எழுதிவிட்டால், ஒன்றும் இரண்டும் இடம் மாறிப் படிக்கும் வாய்ப்பும் போய்விடும்.

ஒருசீர்மை என்பதில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். இந்தத் திட்டத்தில் ‘ஃபேமிலி’ என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். காரிமங்கலத்தில் ஒரு வீட்டில் குடும்பம் என்றால் பாட்டி, அப்பா, கல்யாணமான அண்ணன், அண்ணி எல்லோரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு தொகை என்று படித்ததும், அப்பாவுக்கு வருவதால் தனக்கு வராது என்று அண்ணன் ஒதுங்கிவிடுவார். அவர் பெயரில் தனிப் பட்டா இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அவரும் மனைவியும் தனிக் குடும்பம். பொருள் விளக்கத்தை முதல் பதிலில் ஒரு முறை சொல்லிவிட்டோம் என்பது போதாது. கேள்வி–பதிலை யாரும் முதலில் இருந்து படிப்பதில்லை, தன் கேள்விக்கு நேராகப் போவார்கள். அதனால் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் ‘கணவன், மனைவி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள்’ என்றே எழுத வேண்டும். பணத்துக்கும் அப்படித்தான். ஒரு பதிலில் ஆண்டுக்கு 6,000, இன்னொன்றில் நான்கு மாதத்துக்கு 2,000, தவணைக்கு ஓரிடத்தில் இன்ஸ்டால்மென்ட், வேறிடத்தில் ட்ரான்ச் என்று எழுதினால் இரண்டு பணம் என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு 2,000 என்று முடிவு செய்து, எல்லாப் பதில்களிலும் அதையே வைக்கலாம்.

திருத்தியவர்கள் ஆங்கிலம் எளிதாகிவிட்டதா என்று பார்க்க வாசிப்பு மதிப்பெண் கணக்குகளை நம்புகிறார்கள். ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948இல் தந்த கணக்கு இன்றும் புழங்குகிறது. வாக்கிய நீளத்தையும் சொல்லின் அசைகளையும் எண்ணி மதிப்பெண் போடும். நம் பிள்ளைகளுக்கு அது சரியான அளவுகோல் இல்லை. ‘டர்ன் டவுன்’ என்பதில் இரண்டே அசை. கணக்கு நல்ல மதிப்பெண் தரும். ஆனால் விண்ணப்பம் டர்ன் டவுன் ஆயிற்று என்றால் தருமபுரியில் யாருக்குப் புரியும்? ரிஜெக்ட், கேன்சல், அப்ளை என்பவை ஊர்ப் பேச்சிலேயே இருக்கின்றன. ‘புட் ஆஃப்’ என்பதைவிட நீளமான ‘போஸ்ட்போன்’ தான் இங்கே எளிது. சின்னச் சின்னச் சொற்களைக் கோத்து வேறு பொருள் தரும் வினைகள், ஆங்கிலத்திலேயே வளர்ந்தவருக்கு எளியவை, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம் கற்றவருக்குக் கடினமானவை. இந்த வேறுபாடு அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அதைவிட நம்பகமான சோதனை இருக்கிறது. திருத்திய பதிலை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, ஒரு முறை படிக்கச் சொல்லி, தாளை வாங்கிக்கொண்டு, அதை அப்பாவிடம் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். பிறகு அப்பாவிடம், ‘உங்களுக்குக் கிடைக்குமா?’ என்று கேட்க வேண்டும். புரிந்ததா என்று கேட்பதில் பயனில்லை, எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். 12,000 ரூபாய் ஓய்வூதியக்காரர், செட்டில்மென்ட் வாங்கிய மகன், கல்யாணமான அண்ணன் என்று ஆளைச் சொல்லி, இவருக்குக் கிடைக்குமா என்று கேட்டால் பதிலின் ஓட்டை வெளியே வந்துவிடும். ஆம், இல்லை என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், திருத்த வேண்டியது அந்தப் பதிலைத்தான்.

சட்ட மொழியைத் தொட்டால் வழக்கு வரும் என்று அலுவலர் தரப்பில் ஓர் அச்சம் உண்டு. முழு விதிக்கு ஓர் இணைப்புக் கொடுத்துவிட்டால் அதற்குப் பதில் ஆகிவிடும். எனக்கு இருக்கும் அச்சம் வேறு. இந்தத் திட்டத்தில் தகுதியில்லாதவர் வாங்கிய பணம் திரும்ப வசூலிக்கப்படும். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாதோர் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தபோது, கணக்குகளில் இருந்து பணம் திரும்ப எடுக்கப்பட்டது. அது மோசடியால் நடந்தது, ஆங்கிலத்தால் அல்ல. ஆனாலும் ஒரு ‘அன்லெஸ்’ கண்ணில் படாமல் நேர்மையாக விண்ணப்பித்து, பெற்ற 2,000 ரூபாயை விதைக்கும் உரத்துக்கும் செலவழித்துவிட்டவருக்கும் திருப்பிக் கட்டும் தொகை அதேதான்.

சுருக்கக்கூடாத பதிலும் உண்டு. கூட்டுப் பட்டாவில் நான்கு பேர் பெயர் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் பொருந்தாது. அவரவர் பங்கு எது என்பது வருவாய்ப் பதிவேட்டைப் பார்த்து முடிவாக வேண்டியது. அங்கே இரண்டு வரியில் ஆறுதலாக எதையாவது எழுதி அனுப்புவது தவறு. ‘கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டாவை எடுத்துச் சென்று, உங்கள் பங்கு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்’ என்று, அடுத்து போக வேண்டிய இடத்தையும் கையில் எடுத்துப் போக வேண்டிய தாளையும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.