ரெஸ்யூமேயின் கடைசி வரியில் ஒளிந்திருந்த அனுபவம்: நிராகரித்தவரை மறுபடி அழைக்கச் சொல்லும் குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

வேலைக்கு விண்ணப்பித்த சில நிமிடங்களிலேயே ‘உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை’ என்று மின்னஞ்சல் வந்துவிடுகிறதா? அப்படியென்றால், உங்கள் ரெஸ்யூமேயை யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆன்லைன் படிவத்தில் இருக்கும் ‘நாக்-அவுட்’ கேள்விதான் உங்களை வெளியே அனுப்பியிருக்கும். ‘இந்தத் துறையில் எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்ற கேள்விக்கு நிறுவனம் வைத்த எல்லைக்குக் குறைவாக ஓர் எண்ணைப் போட்டால், மென்பொருள் தானாகவே நிராகரித்துவிடும்.

இதில் தகுதியானவர்களும் அடிபட்டுப் போவதுண்டு. அப்படிப் போனவரைத் திரும்ப அழைக்கும்படி, ஆள் தேவைப்படும் துறையின் மேலாளர் ஹெச்.ஆர். குழுவுக்குக் குறிப்பு அனுப்பலாம். ‘இவரை எனக்குப் பிடித்திருக்கிறது, கூப்பிடுங்கள்’ என்று மட்டும் எழுதினால் அது சிபாரிசாகத்தான் தெரியும். பிறகு எப்படி எழுதுவது? ஒரு மாதிரி நிகழ்வைப் பார்ப்போம்.

பூஜ்யம் என்று போட்டவர்

செங்குன்றம் பக்கம் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் கிடங்கு. இன்சுலின், தடுப்பூசி போன்ற, 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டிய மருந்துகளைக் கவனிக்க ஒரு கோல்டு செயின் சூப்பர்வைசர் தேவை. 41 பேர் விண்ணப்பித்தார்கள். ‘மருந்துக் கிடங்கில் குறைந்தது 2 ஆண்டு அனுபவம்’ என்ற வடிகட்டியைத் தாண்டியவர்கள் 5 பேர். அந்த ஐவரிடமும் பேசிப் பார்த்தபோது, எல்லோரும் சாதாரண அறை வெப்பநிலையில் வைக்கும் மாத்திரை, டானிக் பெட்டிகளைக் கையாண்டவர்கள் என்பது தெரிந்தது. குளிர்பதன மருந்தைத் தொட்டவர் ஒருவரும் இல்லை.

வடிகட்டியில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகித்த கிடங்கு மேலாளர், நிராகரிக்கப்பட்ட 36 ரெஸ்யூமேக்களையும் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 3 ஆண்டுகளாக ஒப்பந்த அடிப்படையில் பணிபுரியும் பெண் மருந்தாளுநருடையது. படிவத்தில் கிடங்கு அனுபவம் பூஜ்யம் என்று நேர்மையாகப் போட்டிருந்தார். ரெஸ்யூமேயின் இரண்டாம் பக்கத்தில், ‘இதர பணிகள்’ என்ற தலைப்பின் கீழ் கடைசி வரி இது: ‘ஐ.எல்.ஆர்., டி.எஃப். டெம்ப் லாக், இவின் என்ட்ரி, தடுப்பூசி நாள் சப்ளை.’

ஹெச்.ஆர். குழுவில் இருப்பவருக்கு இந்த வரி புரிய வாய்ப்பில்லை. மேலாளருக்குப் புரிந்தது.

அவர் எழுதிய குறிப்பு

“வணக்கம். கோல்டு செயின் சூப்பர்வைசர் பணிக்கு வந்த விண்ணப்பங்களில் 27-ஆம் எண்ணை மறுபடி பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நிராகரித்ததில் தவறில்லை. அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்தது நான்தான். ‘கிடங்கு’ என்று கேட்டது என் தவறு.

ஐ.எல்.ஆர். என்பது தடுப்பூசி வைக்கும் ஐஸ் லைன்டு ரெஃப்ரிஜிரேட்டர். அதை 2–8 டிகிரியில் வைத்திருந்து, தினமும் இருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்ய வேண்டும். நம் கோல்டு ரூமிலும் அடிப்படை வேலை இதுதான். இவின் என்பது அரசின் தடுப்பூசி இருப்பைக் கணக்கு வைக்கும் டிஜிட்டல் அமைப்பு; பேட்ச் எண், காலாவதித் தேதியோடு பதிவு செய்து பழகியவராக இருப்பார். ‘தடுப்பூசி நாள் சப்ளை’ என்றால், ஐஸ் பேக்கைச் சரியான பதத்துக்குக் கொண்டுவந்து கேரியரில் அடுக்கி அனுப்புவது. நம் இன்சுலின் பார்சலில் ஜெல் பேக் வைப்பதும் இதே வேலைதான்.

அவரிடம் இல்லாதது: பேலட், ரேக், பில்லிங் மென்பொருள், 10 பேரை வேலை வாங்கிய அனுபவம். இவற்றைக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நினைக்கிறேன். ரெஸ்யூமேயை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். உண்மையில் அவரே செய்தாரா என்பது பேசினால்தான் தெரியும்.

நான் கேட்பது 20 நிமிட போன் நேர்காணல் மட்டும். இவரை எனக்கு முன்பின் தெரியாது. வியாழக்கிழமைக்குள் முடியுமா?”

இந்தக் குறிப்பு ஏன் எடுபடும்?

ரெஸ்யூமேயில் இருந்த வரியை எடுத்து, பணியில் தினமும் செய்யும் வேலைக்கு நேராக வைத்துக் காட்டுகிறது. படிப்பவருக்கு மருந்துத் துறை தெரியாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இல்லாத தகுதிகளையும் மறைக்கவில்லை. அதை மறைத்து, பின்னால் நேர்காணலில் வெளிவந்தால், அடுத்த முறை அந்த மேலாளரின் குறிப்புக்கு மதிப்பிருக்காது. கேட்பதும் சின்ன விஷயம்தான். ‘நேராக இறுதிச் சுற்றுக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டிருந்தால், அது மற்ற விண்ணப்பதாரர்களைத் தாண்டிப் போவதாகிவிடும்.

ஆனாலும் ஹெச்.ஆர். அலுவலர் போனில் ஒரு கேள்வி கேட்டார்: “சார், ஒருத்தருக்கு மட்டும் கதவைத் திறந்தா, அதே கேள்வியில வெளிய போன மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

நியாயமான கேள்வி. ஒரே அளவுகோலைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும். எனவே 36 ரெஸ்யூமேக்களிலும் குளிர்பதன வேலை ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து தேடினார்கள். ரத்த வங்கியில் பணிபுரிந்த ஒருவரும் கிடைத்தார். இருவருக்கும் போன் நேர்காணல் முடிவானது.

பேசும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

‘வெப்பநிலையைப் பதிவு செய்தேன்’ என்று யாரும் சொல்லலாம். பெட்டியைப் பார்க்காமலே நோட்டில் ‘4, 4, 4’ என்று எழுதிவைப்பவர்களும் உண்டு. அதனால் மேலாளர் தவறு நடந்த நாளைப் பற்றிக் கேட்டார்: “எப்பவாவது 2 டிகிரிக்குக் கீழ போயிருக்கா? அப்ப என்ன பண்ணீங்க?”

மருந்தாளுநரின் பதில் இது: “ஒரு தடவை போச்சு சார். காலையில பார்த்தா மைனஸ்ல காட்டுது. உறையக் கூடாத ஊசியை மட்டும் தனியா எடுத்து வச்சு, யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டிட்டேன். அப்புறம் ஷேக் டெஸ்ட் பண்ணோம். அதே பேட்ச்ல ஒரு வயலை வேணும்னே உறைய வச்சு, உருக விட்டு, சந்தேகப்பட்ட வயலோட சேர்த்துக் குலுக்கி வச்சோம். ரெண்டும் ஒரே வேகத்துல அடியில படிஞ்சுது. எல்லாத்தையும் கழிச்சுட்டு மேல எழுதிப் போட்டோம்.”

செய்தவரால் மட்டுமே சொல்ல முடிகிற பதில் இது. குளிர்பதன மருந்து என்றாலே பலர் சூடாவதற்குத்தான் பயப்படுவார்கள். உறைந்தாலும் கெட்டுப்போகும் என்பது கையாண்டவருக்குத்தான் உறைக்கும். இன்சுலினுக்கும் இதே விதிதான்; ஒருமுறை உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது.

போன் நேர்காணலுக்குப் பிறகு இருவரும் நேரில் அழைக்கப்பட்டார்கள். 5 பேரோடு நின்றிருந்த பட்டியல் 7 பேராகி, தேர்வு வழக்கம்போல் நடந்தது. வேலை மருந்தாளுநருக்குக் கிடைத்தது. ரேக்கிங்கும் பில்லிங்கும் கற்றுக்கொள்ள அவருக்கு முதல் மாதம் ஒதுக்கப்பட்டது.

படிவத்தில் மாறிய ஒரு கேள்வி

விண்ணப்பிப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தன் அலுவலகத்தில் புழங்கும் சுருக்கெழுத்து வெளியாளுக்குப் புரியாது. ‘ஐ.எல்.ஆர். டெம்ப் லாக்’ என்பதற்குப் பதிலாக, ‘2–8 டிகிரியில் தடுப்பூசி சேமிப்பு, தினமும் இருமுறை வெப்பநிலைப் பதிவு, 3 ஆண்டுகள்’ என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தால், ஹெச்.ஆர். அலுவலருக்கே அது கண்ணில் பட்டிருக்கும். ஆனால் நாக்-அவுட் கேள்வியை அதுவும் தாண்டியிருக்காது. அதை மாற்றுவது நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கிடங்கின் படிவத்தில் கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: ‘குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்து, தடுப்பூசி அல்லது ரத்தத்தை எத்தனை ஆண்டு கையாண்டிருக்கிறீர்கள்?’ பூஜ்யம் என்று போட்ட அதே மருந்தாளுநர், இதற்கு 3 என்று போட்டிருப்பார்.