கஸீபோவில் நேராக ஓடும் ரோபோ மணலில் ஏன் பின்தங்குகிறது?

கஸீபோ என்பது ரோபோவின் கணினி மாதிரியை இயற்பியல் விதிகளின்படி இயக்கிப் பார்க்க உதவும் திறந்தமூல மென்பொருள். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 2002இல் இதன் வேலை தொடங்கியது. மோட்டாரும் சக்கரமும் வாங்குவதற்கு முன்பே, ரோபோ கவிழுமா, அதன் கட்டுப்பாட்டு நிரல் சரியாக வேலை செய்யுமா என்பதை இதில் செலவின்றிச் சோதிக்கலாம்.

கல்முனை, சாய்ந்தமருது கடற்கரையில் ஓடவேண்டிய ஒரு சிறு சக்கர ரோபோவை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 10 சென்ரிமீற்றர் என்றால், ஒரு சுற்றுக்கு 31.4 சென்ரிமீற்றர் நகரும். 20 சுற்றுக்கு 6.28 மீற்றர். கஸீபோவின் சமதளத்தில் ஏறக்குறைய இந்தத் தூரமே கிடைக்கும். உலர்ந்த மணலிலோ அதே 20 சுற்றில் ரோபோ 5 மீற்றரோடு நின்றுவிடலாம். அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு சுழற்சி வழுக்கலில் வீணாகியிருக்கிறது.

காரணம் தரையில் இருக்கிறது. கஸீபோவின் வழக்கமான தரை அமுங்காத கெட்டித் தளம்; அதன் உராய்வு `mu` என்ற எண்ணால் குறிக்கப்படுகிறது. வேறு மதிப்புக் கொடுக்காவிட்டால் அது 1 ஆகவே இருக்கும். மணலோ சக்கரத்தின் கீழ் அமுங்கி, பின்னால் தள்ளப்பட்டு, சக்கரத்தின் முன் குவிந்து தடுக்கிறது. ஈரமணலில் ஒரு நடத்தை, உலர்மணலில் வேறு. இத்தனையையும் ஒற்றை எண் சொல்லிவிட முடியாது.

இரண்டாவது காரணம், மாதிரியின் கருவிகள் அளவுக்கு மீறித் துல்லியமாக இருப்பது. உணரிகளுக்கு இரைச்சல் தனியே சேர்க்கப்படாவிட்டால் அவை பிசகில்லாத அளவீடுகளையே தரும். ரோபோவின் இடத்தைச் சக்கரச் சுழற்சியிலிருந்து கணிக்காமல், மென்பொருளுக்குத் தெரிந்த உண்மையான இடத்திலிருந்தே எடுக்கும் அமைப்பும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் வழுக்கலால் வரும் பிழை நிரலுக்குத் தெரியாமலே போகும். உண்மையான மோட்டாரோ பற்றரி இறங்க இறங்க வலு குறையும். பற்சக்கர இடைவெளியால் கட்டளைக்குச் சற்றுப் பிந்தியும் அசையும்.

மாதிரிக்கும் நிஜத்துக்கும் உள்ள இந்த இடைவெளி பெரிய அளவிலும் தெரிந்தது. அமெரிக்காவின் டார்பா ரோபோ போட்டியின் கணினிச் சுற்று 2013 ஜூனில் கஸீபோவில் நடந்தது. அதில் ஐஎச்எம்சி அணி முதலிடம் பெற்றது. 2015 இறுதிப் போட்டியில் நிஜத் தரையில் நடந்த ரோபோக்களில் பல தடுமாறி விழுந்தன. ஐஎச்எம்சியின் ரோபோவும் விழுந்தது. ஆனாலும் அந்த அணி இரண்டாமிடம் பெற்றது.

இடைவெளியைக் குறைக்க, நிஜ ரோபோவின் நிறையை அளந்து மாதிரியில் இடவேண்டும். உணரிகளுக்கு இரைச்சல் சேர்க்கவேண்டும். பின்பு நாடாவால் அளந்த நேர்கோட்டில் ரோபோவை ஓட்டி, கிடைத்த வழுக்கலைக் கஸீபோவின் சக்கர வழுக்கல் அமைப்பில் பொருத்தலாம். ஆனால் அந்த மதிப்பு அளந்த மணலுக்கு மட்டுமே பொருந்தும். ஆகவே உராய்வு, நிறை, தாமதம் ஆகியவற்றைக் கூட்டியும் குறைத்தும் பலமுறை ஓட்டவேண்டும். எல்லா மாற்றத்திலும் தடம் பிறழாத நிரலே மணலில் இறக்கத் தகுந்தது.