பன்னிரண்டு இலக்கத்தில் ஒன்று பிசகினால்

குடியிருப்புச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் பராமரிப்புத் தொகை கட்டிய ஸ்கிரீன்ஷாட்கள் வந்து குவிகின்றன. அவற்றைப் பார்த்துக் கணக்கில் ஏற்றும் பொருளாளருக்கு முதல் குழப்பம், எந்த எண்ணை எழுதுவது என்பதுதான். போன்பேயில் T என்று தொடங்கும் நீண்ட எண் அந்தச் செயலியின் சொந்த எண். வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒத்துப்பார்க்க உதவுவது UTR என்ற 12 இலக்க எண். கூகுள் பேயில் இது UPI transaction ID என்ற பெயரில் இருக்கும்.

இந்த எண்ணுக்குள்ளேயே பெரும்பாலும் ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. 2025 ஜூன் 15 அன்று அனுப்பிய பணத்தின் எண் 5166 என்று தொடங்கும். 5 என்பது ஆண்டின் கடைசி இலக்கம்; 166 என்பது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5616 என்று எழுதியிருந்தால் இலக்கம் இடம் மாறிவிட்டது. ஆண்டில் 616ஆவது நாள் ஏது? பின்பாதித் தவறுகளை இது காட்டாது. அதற்கு நான்கு நான்காகப் பிரித்து வாசித்துப் பார்ப்பதே வழி.

எக்செல் தன் பங்குக்கு இந்த எண்ணை 5.16625E+11 என்று சுருக்கிக் காட்டும். கட்டத்தை முதலில் Text ஆக மாற்றிவிடுங்கள்.

நேரத்தில் பலர் சறுக்குவது திரையின் உச்சியில். அங்குள்ள கடிகாரம் படம் எடுத்த நேரத்தையே காட்டும். பணம் போன நேரம் ரசீதுக்குள் இருக்கும். 12:05 AM என்றால் நள்ளிரவு தாண்டியாயிற்று, தேதியும் மாறிவிட்டது. தொகையைப் பைசாவோடு எழுதுங்கள். மங்கலான இலக்கத்தை ஊகிக்காமல், அனுப்பியவரிடமே கேட்டுவிடுங்கள்.