பின்வாங்க விடாத அப்டேட்

2022 ஆகஸ்டில் கூகுள் ஆண்ட்ராய்டு 13-ஐ வெளியிட்டபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ ஆகிய மூன்று போன்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இவற்றில் 13-ஐ ஏற்றிய பிறகு பழைய 12-ஐ ஏற்றி இயக்க முடியாது. அதற்கு முந்தைய பிக்சல்களுக்கு இந்தத் தடை இல்லை. ஒரே ஆண்ட்ராய்டுதான், இந்த மூன்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது, சிப்பைத் தயாரிக்கும்போதே அதற்குள் பதித்துவிட்ட சிறு நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. அது பூட்லோடரை எடுத்து, அதில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும். சரியென்றால் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும். பூட்லோடர் அதே முறையில் ஆண்ட்ராய்டைச் சோதித்துத் திறக்கும். நடுவில் யாராவது ஒரு சிறு பகுதியைத் திருத்தியிருந்தாலும் கையொப்பம் பொருந்தாது.

ஆனால் போன வருடத்துப் பூட்லோடரிலும் இதே நிறுவனத்தின் கையொப்பம்தான் இருக்கிறது. அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை பிறகு தெரியவந்து, புதிய பதிப்பில் அடைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். அதனால் பழைய கையொப்பம் பொய்யாகிவிடுவதில்லை. ஒருவர் இரண்டு உயில் எழுதினால் முதல் உயிலில் இருப்பதும் அவர் போட்ட கையெழுத்துதானே? செல்லுவது எது என்று சொல்லக் கையெழுத்து போதாது, தேதி வேண்டும். போனைத் திருடியவர் ஓட்டையுள்ள பழைய பூட்லோடரை ஏற்றி, அந்த வழியாக உள்ளே நுழையப் பார்ப்பார். கையொப்பத்தை மட்டும் நம்பும் போன் அவரை உள்ளே விட்டுவிடும்.

இதற்காகத்தான் ஒவ்வொரு பூட்லோடருக்குள்ளும் ஓர் எண் வைக்கிறார்கள். 'இதற்குக் குறைந்த எண்ணை ஏற்காதே' என்ற வரம்பு போனிலும் இருக்கும். ஆன்டி-ரோல்பேக் என்பது இந்த ஒப்பீடுதான். வரம்பைச் சாதாரண நினைவகத்தில் எழுதினால் அழித்துவிடலாம். அதனால் பல சிப்புகளில் அதை இ-ஃபியூஸில் எழுதுகிறார்கள். இவை சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்புகள். மின்சாரம் பாய்ச்சி ஒன்றை எரித்தால் அது எரிந்ததுதான், எந்த மென்பொருளாலும் ஒட்டவைக்க முடியாது. எத்தனை எரிந்திருக்கின்றன என்பதைக் கொண்டு வரம்பை அறியலாம். இந்த ஃபியூஸ்கள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் மாதாமாதம் வரும் அப்டேட்டுக்கெல்லாம் எண்ணை உயர்த்துவதில்லை, அவசியம் வரும்போதுதான் உயர்த்துகிறார்கள்.

வரம்பை எப்போது உயர்த்துவது என்பதிலும் கவனம் தேவை. அப்டேட்டை ஏற்றும்போதே உயர்த்திவிட்டு, புதிய பதிப்பு ஓடாமல் போனால், பழையதற்கும் திரும்ப வழியிருக்காது. அதனால் புதியது ஒருமுறை ஒழுங்காக இயங்கிய பிறகே உயர்த்துவது வழக்கம். பிக்சல் 6-இல் சிக்கல் இங்கேதான் வந்தது. அதில் மென்பொருளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்க, மற்றதில் அப்டேட் இறங்கும். 13 ஓடத் தொடங்கியதும் வரம்பு உயர்ந்துவிடும், ஆனால் இன்னோர் இடத்தில் பழைய பூட்லோடர் அப்படியே கிடக்கும். ஏதோ கோளாறில் போன் அந்த இடத்துக்குத் தாவினால் இயங்காமல் நின்றுவிடும். அதனால் மென்பொருளைக் கையால் ஏற்றுபவர்கள் இரண்டாவது இடத்திலும் புதிய பூட்லோடரைப் போட்டுவிட வேண்டும் என்று கூகுள் அறிவுறுத்தியது.

பூட்லோடரை அன்லாக் செய்தால் தப்பிக்கலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். அன்லாக் செய்தால், ஆண்ட்ராய்டைச் சோதிக்கும் பூட்லோடர் கண்டிப்பைத் தளர்த்தும். அந்தப் பூட்லோடரையே சோதிப்பது அதற்கு முன்னால் ஓடும் நிரல். அதற்கு அன்லாக் பற்றிக் கவலையில்லை.

சாம்சங் போன் வைத்திருப்பவர்கள் தங்கள் எண்ணைத் தாங்களே பார்க்கலாம். பில்ட் எண்ணின் கடைசிப் பகுதி `G991BXXU5DVJB` போல இருக்கும். பின்னாலிருந்து ஐந்தாவதாக நிற்கும் 5 தான் அது. ஏற்ற நினைக்கும் பழைய பதிப்பிலும் 5 இருந்தால் பின்வாங்க வழியுண்டு, ஆனால் போனில் உள்ளதையெல்லாம் அழிக்க வேண்டிவரும். 4 என்றால் திரையில் `SW REV CHECK FAIL` என்று வந்து நின்றுவிடும். இந்த எண் உயரப்போகிறது என்றால் அதை அப்டேட் பட்டனுக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். மென்பொருளை இறக்கும் பக்கத்தில் மட்டும் எழுதிவைப்பது சாதாரணப் பயனருக்குப் போய்ச் சேராது.

பழைய ஆண்ட்ராய்டில் தங்கள் செயலிகளைச் சோதிக்க வேண்டிய டெவலப்பர்களுக்காக, கூகுள் பிறகு பிக்சல் 6-க்குத் தனியாக ஓர் ஆண்ட்ராய்டு 12 தொகுப்பை வெளியிட்டது. உயர்ந்த எண்ணுள்ள புதிய பூட்லோடரையே அதில் சேர்த்திருந்தார்கள். போன் அதை ஏற்றுக்கொண்டது.