சராசரிக் கோடுகள் வெட்டும்போது

ஒரு பங்கின் 20 நாள் சராசரி விலை 50 நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கு, கீழே இறங்கினால் விற்றுவிடு. இந்த விதியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கையில், சிக்னல் மாலை முடிவு விலையில்தான் தெரியும். ஆகவே லாபக் கணக்கு மறுநாள் வாங்கும் விலையிலிருந்தே தொடங்க வேண்டும். இதைத் தவறவிட்டால் லாபம் பொய்யாக வீங்கும்.

ஓர் உதாரணக் கணக்கு: ஒரு லட்சம் ரூபாய் முதல், ஆண்டில் ஆறு முறை வாங்கி ஆறு முறை விற்கிறோம். வாங்கல், விற்றல் இரண்டையும் கூட்டினால் புரண்ட தொகை முதலைப்போல் ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. செலவில்லாமல் லாபம் 12% என்று வைப்போம். பங்குப் பரிவர்த்தனை வரி மட்டுமே ஒவ்வொரு பக்கமும் 0.1%, தரகும் விலை நழுவலும் சேர்த்து 0.2% என்றால், பன்னிரண்டு வெட்டுகளுக்குப் பின் மிஞ்சுவது சுமார் 9.3%. அதே பங்கைச் சும்மா வைத்திருந்தவருக்கு 10% கிடைத்திருந்தால், விதி தோற்றுவிட்டது. விலை பக்கவாட்டில் அலையும் மாதங்களில்தான் கோடுகள் அடிக்கடி வெட்டிக்கொள்கின்றன. செலவும் அப்போதுதான் ஏறுகிறது.