மதிப்பெண் யார் வைத்த தேர்வில்?

2023 டிசம்பரில் கூகுள் ஜெமினி அல்ட்ராவை அறிவித்தபோது, எம்எம்எல்யூ என்ற தேர்வில் அது 90.0 சதவீதம் பெற்றதாகவும், ஜிபிடி-4 பெற்றது 86.4 என்றும் ஓர் அட்டவணை வந்தது. 57 பாடங்களில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது.

எண்களுக்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு தகவலும் இருந்தது. ஜெமினி ஒவ்வொரு கேள்விக்கும் 32 முறை யோசித்து விடை தந்திருந்தது. அவற்றில் போதிய அளவு ஒத்துப்போன விடை இருந்தால் அதுவே கணக்கில் கொள்ளப்பட்டது. ஜிபிடி-4 மதிப்பெண்ணோ, ஐந்து மாதிரி வினாவிடைகளைக் காட்டிவிட்டு நேரடியாகக் கேட்டு எடுத்தது. கூகுளின் தொழில்நுட்ப அறிக்கையைப் புரட்டினால், அந்த ஐந்து மாதிரி முறையில் ஜெமினிக்கு 83.7தான். 32 முறை யோசிக்கும் வழியில் ஜிபிடி-4க்கும் 87.29 கிடைத்தது. எண் எதுவும் பொய்யில்லை. கேட்கும் முறை மாறியதும் முதலிடம் மாறிவிட்டது. எனவே இப்படி ஓர் அட்டவணையைப் பார்த்தால், இரு தரப்புக்கும் ஒரே முறையில் தேர்வு நடந்ததா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, வினாத்தாள் கசிவு. இத்தகைய தேர்வுகளின் கேள்விகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாடலின் பயிற்சித் தரவிலும் அவை கலந்திருக்கலாம். அப்படியானால் மதிப்பெண்ணில் மனப்பாடம் எவ்வளவு, திறமை எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இதற்கு மாற்று, உங்கள் வேலையிலிருந்தே ஒரு சின்னத் தேர்வு. வாடிக்கையாளர் புகார்களிலிருந்து பில் தேதி, பொருள், தொகை மூன்றையும் எடுப்பது உங்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். பழைய புகார்களில் 50ஐ எடுத்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்குங்கள். சிக்கலானவையும் அதில் இருக்கட்டும்: தேதியே இல்லாதது, இரண்டு தொகை உள்ளது, ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டியது. மாடலிடம் கேட்கும் முன்பே சரியான விடைகளை நீங்களே எழுதிவிடுங்கள். மாடலின் பதிலைப் பார்த்தபிறகு எழுதினால் கை அதன் பக்கமே சாயும். தேதி இல்லாத புகாருக்கு ‘இல்லை’ என்பதே சரியான விடை. மாடல் தானாக ஒரு தேதியை இட்டால் அதைத் தனியாகக் குறியுங்கள். விடுபட்டதைவிட இட்டுக்கட்டியது ஆபத்தானது.

இரண்டு மாடல்களுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்துத் திருத்துங்கள். ஒன்று 40, இன்னொன்று 42 என்று வந்தால் வெற்றி என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டும் முரண்பட்ட இடங்களை மட்டும் பாருங்கள். ஆறு இடங்களில் முரண்பட்டு, நாலுக்கு இரண்டு என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம். பன்னிரண்டில் பதினொன்று ஒரே பக்கம் என்றால் நம்பலாம். ஒரே மாடலை மறுபடி ஓட்டினாலும் சில விடைகள் மாறும். அந்த ஆட்டத்துக்குள் அடங்கும் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

இந்த 50 கேள்விகளையும் இணையத்தில் போடாமல் வைத்திருங்கள். அடுத்த மாடல் அறிவிப்பு வரும் நாளில், அதன் அட்டவணையைப் படிப்பதற்கு முன் இவற்றை ஓட்டிப் பாருங்கள்.